என் கனிஷ்ட லிகிதருக்கு நான் அடித்த சல்யூட்

எங்கள் துறைமுகப் பட்டினத்தில், ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஓர் அரசாங்கக் கந்தோரில் நான் தலைமை லிகிதராக இருந்த காலம். என் மேசைக்கு எதிரே, ஜன்னலோரத்தில், இருபத்து மூன்று வயதுப் பொடியன் ஒருவன் எனக்குக் கீழே கனிஷ்ட லிகிதராக, அதாவது சின்னக் கிளாக்கராக, வேலை பார்த்தான். அமைதியான ஆள். வருகிற கடிதங்களைப் பதிவு செய்வான், போகிற கடிதங்களை எழுதி என் மேசையில் வைப்பான். நான் பிழை பார்த்துச் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பேன். அவன், "ஓம் ஐயா" என்று வாங்கிப் போய்த் திரும்ப எழுதுவான். கிழமையில் ஐந்து நாளும் இதுதான் நடைமுறை. ஆறாவது நாள் பின்னேரம் நான் அவனுக்குச் சல்யூட் அடிக்க வேண்டியிருந்தது.

சுதந்திரம் கிடைத்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. துறைமுகத்தில் இன்னும் வெள்ளைக்காரரின் கப்பல்கள்தான் நின்றன. நாட்டுக்கென்று ஒரு படை புதிதாக உருவாகிக்கொண்டிருந்தது. வேலை செய்துகொண்டே சனி ஞாயிறுகளில் பயிற்சிக்குப் போகக்கூடிய தொண்டர் படையும் அதில் ஒன்று. பொடியன் பள்ளிக்கூடத்தில் கடேற் என்ற மாணவர் படையில் இருந்தவன். நேர்முகப் பரீட்சைக்குப் போனான், தோளில் ஒரு நட்சத்திரத்துடன் இரண்டாம் லெப்டினன்ட் ஆகிவிட்டான். எனக்கு முப்பத்திரண்டு வயது. அதிகாரி வேலைக்கு வயது கடந்துவிட்டது. ஆனாலும் சேர்ந்தேன், அவனுடைய அணியிலேயே, வெறும் சிப்பாயாக. ஏன் சேர்ந்தாய் என்று அப்போது கேட்டவர்களுக்கு நாட்டுப்பற்று என்று சொன்னேன். உண்மையில், என் வயிறு வளர்வதைப் பற்றி மனைவி சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம்.

முதல் மாதம் என்னால் நடக்கவே முடியவில்லை. முப்பது வருடமாக நடந்து திரிந்த மனிதனுக்கு, "குவிக் மார்ச்" என்று ஒருவர் சொன்னதும் நடை மறந்துபோனது. இடது கால் போகும்போது வலது கைதான் முன்னே போகவேண்டும். அது எல்லாருக்கும் பிறவியிலேயே வருகிறது. யோசிக்கத் தொடங்கினால்தான் வராது. எனக்கு இடது காலோடு இடது கையும் சேர்ந்து போனது. மரப்பொம்மை மாதிரி நான் போவதைப் பார்த்து அணி முழுவதும் தோள் குலுங்கச் சிரிக்கும்.

எங்களுக்கு வாய்த்த சார்ஜன்ட் கிண்ணியாக்காரர். என்னைவிட இரண்டு வயதுதான் கூட. யுத்த காலத்தில் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் சாமான் லொறி ஓட்டியவர், பிறகு நிரந்தரப் படையிலே தங்கிவிட்டார். மைதானத்தில் என்னை "நீ" என்பார். மைதானத்துக்கு வெளியே "கிளாக்கர் ஐயா, நீங்க" என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணம்கூட அவருக்குத் தடுமாற்றம் வந்ததில்லை.

அவர் எங்களை முதலில் உயரப்படி ஒரே வரிசையில் நிறுத்தினார். பிறகு இலக்கம் சொல்லச் சொல்லி, ஒற்றை இலக்கக்காரரை ஓரடி முன்னும் இரட்டை இலக்கக்காரரை ஓரடி பின்னும் எடுத்து, திரும்பி நடக்கவைத்து, மூன்று வரிசையாக்கினார். முடிந்ததும் பார்த்தால் நெட்டையர் இரண்டு முனையிலும், கட்டையர் நடுவிலும் நின்றோம். ஓரடி என்றால் எங்கள் இஷ்டத்துக்கு ஓரடி இல்லை. முப்பது அங்குலம். கையில் விரிக்கக்கூடிய ஒரு தடி வைத்திருந்தார், கவராயம் போல அதை உருட்டி எங்கள் அடிகளை அளப்பார். நிமிடத்துக்கு நூற்றிருபது அடி. கட்டளையிலும் இரண்டு பாகம் உண்டு. முதற் சொல்லை இழுத்துச் சொல்வது எச்சரிக்கை, அப்போது ஒருவரும் அசையக்கூடாது. ஒரு இடைவெளி. பிறகு வெட்டினாற்போல் வருகிற இரண்டாவது சொல்லுக்குத்தான் உடம்பு அசையவேண்டும். அந்த இடைவெளியில் முப்பது பேரும் ஒரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

எனக்குப் பக்கத்தில் நின்றவர் சல்லி என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த கடற்றொழிலாளி. கரைவலை இழுத்து இழுத்துக் கையெல்லாம் காய்த்திருந்தது. அவருக்கு முதல் நாளே நடை வந்துவிட்டது. என் கஷ்டத்தைப் பார்த்து ஒருநாள் சொன்னார், "காலைப் பாக்காதேங்கோ. சத்தத்தைக் கேளுங்கோ. நாங்கள் அம்பா பாடித்தானே வலை இழுக்கிறனாங்கள். பாட்டில்லாட்டியும் வலை வரும். ஆள் ஒண்டா நிக்காது." அன்றைக்கு காலைக் குனிந்து பார்க்காமல், சப்பாத்துச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு நடந்தேன். கை கால் இரண்டும் தாமாகவே இடம் மாறிக்கொண்டன.

சல்யூட் வேறு விஷயம். நடை வராதது உடம்பின் குறை. சல்யூட் வராதது மனதின் குறை. திங்கட்கிழமை யாருடைய கடிதத்தில் சிவப்பு மை பூசினேனோ அவனுக்குச் சனிக்கிழமை கையை நெற்றிக்குத் தூக்குவதா என்று ஒரு கூச்சம். எனவே வழிகள் கண்டுபிடித்தேன். தொப்பி இல்லாத தலைக்குச் சல்யூட் கிடையாது, விறைப்பாக நின்றால் போதும் என்பது விதி. லெப்டினன்ட் வருகிறார் என்றால் நான் தொப்பியைக் கழற்றி வியர்வை துடைத்துக்கொண்டிருப்பேன். வலது கையில் பாரம் இருந்தால் முகத்தைத் திருப்பினால் போதும் என்று இன்னொரு விதி. நான் எப்போதும் வலது கையில் ஒரு தண்ணீர் வாளியுடன் திரிந்தேன். பொடியன் கவனித்தானா தெரியாது. கவனித்திருந்தாலும் சொல்லமாட்டான்.

வருடாந்தப் பயிற்சி முகாம் அந்த வருடம் கப்பல்துறை என்ற ஊருக்குப் பக்கத்தில், சீனன்குடா நீரோரம் வரை சரிந்து போகிற ஒரு வெளியில் நடந்தது. இரண்டு கிழமை. மூன்றாம் நாள் வெயிலில், நூறாவது தடவையாக இடது பக்கம் திரும்பியபின், நான் கையை உயர்த்தி அனுமதி கேட்டுக் கேள்வி கேட்டேன். இந்தக் காலத்தில் இயந்திரத் துவக்குக்கு முன்னால் வரிசையாக நடந்து போனால் வரிசையாகச் சாவோம். குண்டு போடுகிற விமானத்துக்கு நாங்கள் கால் மாற்றியதா மாற்றாததா தெரியப்போவதில்லை. அப்படியிருக்க எதற்கு இந்த நடை?

சார்ஜன்ட் கோபிக்கவில்லை. என்னை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டார். "நல்ல கேள்வி. அணியைப் பத்து நிமிசம் நீ நடத்து" என்றார்.

"குவிக் மார்ச்" சொன்னேன். மிச்ச இருபத்தொன்பது பேரும் ஒரே உடம்பாகப் புறப்பட்டார்கள். அந்த இன்பத்தில் சில விநாடிகள் மெய்மறந்து நின்றுவிட்டேன். அதற்குள் அவர்கள் நீரை நெருங்கிவிட்டார்கள். திருப்பவேண்டிய கட்டளை வாயில் வரவில்லை. "ஹோல்ட்" என்றேன், பிழையான கால் தரையில் படும் நேரத்தில். பாதிப் பேர் தடுமாறினார்கள், பாதிப் பேர் தொடர்ந்தார்கள். பதறிப்போய், "நில்லுங்கோ, நில்லுங்கோ" என்று தமிழில் கெஞ்சினேன். அது கட்டளை இல்லையே. கண்டல் செடிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியால், கை வீசிக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அணி கடலுக்குள் இறங்கியது. சல்லிக்காரர் மட்டும் பல் தெரியச் சிரித்தபடி போனார். தண்ணீர் இடுப்புக்கு வரும்வரை பார்த்துக்கொண்டு நின்ற சார்ஜன்ட், பிறகு ஒரே சொல்லில் அவர்களைத் திருப்பிக் கரையேற்றினார்.

அன்று பின்னேரம் இருபத்தொன்பது காற்சட்டைகள் கயிற்றில் காய்ந்தன. யாருக்கும் என்மேல் கோபமில்லை. முகாம் முழுவதும் அதே கதையாக இருந்தது. தேத்தண்ணீர்க் கோப்பையுடன் சார்ஜன்ட் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நடக்கச் சொல்ல ஆருக்கும் ஏலும், கிளாக்கர் ஐயா. நிப்பாட்டத்தான் பழகவேணும். துவக்கு வைச்சிருக்கிற கூட்டத்தை ஒரு சொல்லில நிப்பாட்ட ஏலாட்டி அது படை இல்ல."

பிறகு என் கேள்விக்கு வந்தார். முந்திய காலத்தில் இந்த நடைதான் யுத்தத்தை வென்றது என்றார். அந்தக் காலத்துத் துவக்கு ஒரு தடவை வெடித்தால், திரும்ப மருந்து போட்டு இடித்து நிரப்ப நேரம் எடுக்கும். குறியும் நேராகப் போகாது. தனியே ஒருவன் சுட்டுப் பயனில்லை. தோளோடு தோள் சேர்ந்து ஒரே நேரத்தில் சுட்டால்தான் எதிரி விழுவான். நீளமாக ஊர்வலம் போல வந்த படை, சுடுவதற்கு அகல வரிசையாக மாறவேண்டும். அடி அளவு ஒன்றாக இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை விழும், அந்த ஓட்டையால் குதிரைப்படை புகுந்துவிடும். இயந்திரத் துவக்கு வந்ததோடு அதெல்லாம் முடிந்துபோனது.

"அப்ப ஏன் இன்னும்?" என்று கேட்டேன்.

அவர் பாலைவனத்தில் நடந்த ஒன்றைச் சொன்னார். பின்வாங்கிய நேரம். லொறிகள் எரிந்துவிட்டன. பல படைப்பிரிவுகளிலிருந்து சிதறி வந்த நாற்பது பேர் வற்றிப்போன ஒரு கிணற்றடியில் சேர்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது, பாதிப் பேருக்கு ஒருவர் பாஷை மற்றவருக்கு விளங்காது. ஒருவனும் ஒருவனைப் பார்க்காமல் மணலில் கிடந்தான். அங்கே ஒரு வெள்ளைக்காரச் சார்ஜன்ட் மேஜர், கிழிந்த சட்டையோடு வந்து, எல்லாரையும் எழுப்பி, மிச்சமிருந்த ஒரு கோப்பைத் தேத்தண்ணீரில் முகச்சவரம் செய்யச் சொன்னார். பிறகு மூன்று வரிசையில் நிறுத்தி, இலக்கம் சொல்லவைத்து, கால் மணித்தியாலம் அந்த மணலிலே மேலும் கீழும் நடத்தினார்.

"எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தாளக் கொல்லலாம் போல இரிந்திச்சு," என்றார். "குடிக்கத் தண்ணியில்ல, சவரமாம். ஆனா கால்சத்தம் ஒண்டாகிச்சுப் பாருங்க, அதுக்குப் பிறகுதான் நாப்பது பேரோட நிக்கிறன் எண்டு எனக்குத் தெரிஞ்சிச்சு. அதுவரைக்கும் நான் தனிய."

அடுத்த நாள் அந்த நாற்பது பேரும் ஒழுங்காக முறை வைத்துக் காவல் காத்து, காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு, ஒருவரையும் விடாமல் வந்து சேர்ந்தார்களாம். அந்த நடையால் விழுந்த எதிரி ஒருவனும் இல்லை. நடந்ததால் நாற்பது பேர் ஒரு படையானார்கள், அவ்வளவுதான் என்றார்.

எழும்பும்போது வாளியைப் பற்றியும் சொன்னார். அவர் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார். "நீங்க அந்தப் பொடியனுக்கு அடிக்கல்ல. தோளில இரிக்கிற நட்சத்திரத்துக்கு அடிக்கிறீங்க. அவரும் சும்மா வாங்கிக்கொண்டு போக ஏலாது, திருப்பித் தரவேணும். தந்தா உங்களுக்கு அவர் பொறுப்பு எண்டு கருத்து." கொஞ்சம் நின்று, மைதானத்துக் குரலில், "இனி வாளியோட கண்டா, வாளியத் தலையில வைச்சுப் பத்துச் சுற்று ஓடவேணும்" என்றார்.

இரண்டாம் கிழமை நெடுநடை. லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கி, தெற்கே ஈச்சிலம்பற்றுக்கு. நெடுவழியில் கால் ஒன்றாக வைக்க வேண்டியதில்லை, கதைக்கலாம், பாடலாம். மரப்பாலங்கள் வந்தால் வேண்டுமென்றே காலைக் கலைத்து நடக்கச் சொல்வார் சார்ஜன்ட். எல்லாக் காலும் ஒரே நேரத்தில் விழுந்தால் பாலம் ஆடத் தொடங்கிவிடுமாம். ஒற்றுமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்று அப்போதுதான் அறிந்தேன்.

வழியில் ஓர் ஆறு. பாலம் இல்லை, பாதைதான். எங்கள் பக்கத்தில் ஆற்றைக் கடக்கிற மிதவையைப் பாதை என்போம்: இரண்டு வள்ளங்களின்மேல் பலகைத் தளம், இரண்டு பக்கமும் கைமரம், கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்து ஆட்கள் இழுப்பார்கள். முதல் தடவையில் சார்ஜன்டும் பாதி அணியும் துவக்குகளும் போய்விட்டன. இரண்டாம் தடவையில் லெப்டினன்டும் நாங்கள் பதினைந்து பேரும். கூடவே ஊர்ச்சனம் பத்துப் பேர், ஒரு மாட்டுவண்டி, அவிழ்த்துக் கைமரத்தில் கட்டிய இரண்டு எருதுகள். வண்டிச் சில்லுக்கு இரண்டு கல் முட்டுக்கொடுத்திருந்தது.

நடு ஆற்றில் லெப்டினன்ட் எங்களைப் பார்வையிட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் வாளி இல்லை. தலையில் தொப்பி இருந்தது. அக்கரையில் சார்ஜன்ட் இடுப்பில் கைவைத்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். தப்ப வழியில்லை என்று கண்டதும், அடித்தால் ஒழுங்காக அடிப்போம் என்று தீர்மானித்தேன். வலது முழங்காலை உயரத் தூக்கி, ஆணி அடித்த சப்பாத்தை இடது காலருகே அறைந்து, கையை அகல வீசி நெற்றிக்குக் கொண்டுபோனேன். என் வாழ்நாளின் முதல் முழுச் சல்யூட்.

கீழே வெறும் வள்ளம். பலகை பறை மாதிரி முழங்கியது. என் முதுகுப்பக்கம் நின்ற எருது துள்ளி எழுந்து கயிற்றை அறுத்துக்கொண்டது.

சனம் முழுவதும் மறுபக்கக் கைமரத்துக்கு ஓடியது. எங்கள் ஆட்களும் இரண்டு மூன்று பேர் அசையத் தொடங்கினார்கள். தளம் சரிந்தது. அந்தப் பக்கப் பலகை விளிம்பைத் தண்ணீர் தொட்டு உள்ளே ஏறியது. வண்டிச் சில்லு கல்லின்மேல் நெரிபட்டுக் கிறீச்சிட்டது. அது உருண்டால் எல்லாம் முடிந்தது. அக்கரையில் சார்ஜன்டின் வாய் அசைந்தது தெரிந்தது, காற்றில் சத்தம் வந்து சேரவில்லை.

"ஸ்குவா...ட்," என்று ஒரு குரல் நீளமாக எழுந்தது. அந்த இடைவெளி வந்தது. "ஸ்டான்ட் ஸ்டில்."

கந்தோரில் பக்கத்து மேசைக்கும் கேட்காமல் கதைக்கிற பொடியனின் குரல் அது. நான் நின்றேன். நிற்கவேண்டும் என்று நினைத்து நின்றதாக ஞாபகமில்லை. உடம்பு நின்றபிறகுதான் நான் நிற்கிறேன் என்று தெரிந்தது. பதினைந்து பேரும் அப்படியே. எருது என் தோளுக்கு மேலால் மூச்சுவிட்டது, அதன் ஈர மூக்கு கழுத்தில் பட்டது. நான் அசையவில்லை. ஓடப் போனவர்களும் எங்களைப் பார்த்து அப்படியே நின்றார்கள். சுற்றி எல்லாரும் கல்லாக நிற்கும்போது தனியே ஓட மனிதருக்கு வராது போலும்.

லெப்டினன்ட் சனத்தைப் பார்த்துத் தமிழில், அமைதியாகச் சொன்னார். "ஒருத்தரும் அசையவேண்டாம். இவையள் இப்ப மெதுவாப் பக்கத்துக்குப் போவினம். பாத்துக்கொண்டு நில்லுங்கோ." பிறகு எங்களுக்கு, காலை அறையாமல், உயர்ந்து நின்ற வலது பக்கம் மூன்று அடி ஒதுங்கும்படி கட்டளை. பக்க அடி பன்னிரண்டு அங்குலம். பதினைந்து பேர், முப்பது கால்கள், ஒரே கணத்தில் ஓரடி. தளம் கொஞ்சம் நிமிர்ந்தது. இன்னோரடி. விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்து போனது. மூன்றாவது அடியில் பாதை மட்டமாகிவிட்டது. ஆளுக்கு ஆள் தன் இஷ்டத்துக்குப் பாய்ந்திருந்தால் மறுபக்கம் கவிழ்ந்திருக்கும் என்று பாதைக்காரர் பிறகு சொன்னார். மைதானத்தில் நான் வெறுத்த அந்தப் பக்க அடி, ஒருவரின் எடையை இரண்டு முழம் நகர்த்துகிற வேலையைப் பதினைந்து பேருக்கும் ஒன்றாகச் செய்து கொடுத்தது.

எருதின் சொந்தக்காரர் அதன் நெற்றியைத் தடவிப் பிடித்துக்கொண்டார். அக்கரை வந்தது. சனம் இறங்கி எங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது. எருதை வெருட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

லெப்டினன்ட் தனியே ஒரு மருத மரத்தடியில் நின்றார். கிட்டப் போனேன்.

"ஐயா, எனக்கு நீந்தத் தெரியாது," என்றார் மெல்ல.

எனக்கும் தெரியாது என்றேன். இருவரும் சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு நான் நிமிர்ந்து, மணலில் சத்தமில்லாமல் காலைச் சேர்த்து, சல்யூட் அடித்தேன். அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு திருப்பித் தந்தார். அதில் கூச்சமே இருக்கவில்லை. சொல்லப்போனால், அந்தக் கையைத் தூக்கியபோது மனம் லேசாகிவிட்டது.

ஊர் தெரிந்ததும் சார்ஜன்ட் எங்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு மைல் நடந்த கால்கள், கொப்புளம் விழுந்த குதிகள். "லெஃப்ட், ரைட்" என்று நாலு தடவை சொன்னார், பிறகு சொல்லவில்லை. தேவைப்படவில்லை. முப்பது பேரின் சத்தம் ஒன்றாகி, வயல்வெளியில் பட்டுத் திரும்பி வந்தது. என் கால் எங்கே முடிகிறது, சல்லிக்காரரின் கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. களைப்பு எங்கோ போய்விட்டது. மார்பு அகன்றது. ஏனென்று தெரியாத ஒரு சந்தோஷம் உள்ளங்காலிலிருந்து ஏறி வந்தது. இந்தக் காலத்தில் போர் எதையும் வெல்லாத ஒரு நடையை உலகத்துப் படைகள் ஏன் விடாமல் வைத்திருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குப் பிறகும் கிடைக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கெட்ட காரியத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது தெரியாத வயதில்லை எனக்கு. ஆனால் அன்று வயலில் நின்ற பெண்கள் அரிவாளுடன் நிமிர்ந்து கைகாட்டினார்கள். ஊரார் சட்டி சட்டியாகத் தயிரும் கித்துள் மரத்து இனிப்புப் பாணியும் கொண்டுவந்து வைத்தார்கள். அணி கலைந்து, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, சார்ஜன்டும் லெப்டினன்டும் நாங்களும் ஒரே பாயில் உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டோம்.

முகாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மனைவி என்னைச் சுற்றிவந்து பார்த்து, வயிறு குறைந்திருக்கிறது, குரல் கூடியிருக்கிறது என்றாள். அடுத்த திங்கட்கிழமை கந்தோரில் பொடியன் எழுதிய கடிதம் என் மேசைக்கு வந்தது. மூன்று இடத்தில் பிழை. சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். "ஓம் ஐயா" என்று வாங்கிக்கொண்டு போய், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, திரும்ப எழுதத் தொடங்கினான்.